பழைய டிவிக்கு ஒயர்லெஸ் ஹெட்போன்: டிரான்ஸ்மிட்டர் வாங்கும் முன்னும் பின்னும்

புளூடூத் இல்லாத பழைய டிவியோடு ஒயர்லெஸ் ஹெட்போனை இணைக்க புது டிவி வாங்கத் தேவையில்லை. விரல் அளவோ தீப்பெட்டி அளவோ உள்ள ஒரு டிரான்ஸ்மிட்டர் போதும். டிவியிலிருந்து சத்தத்தை ஒரு ஒயர் வழியாக வாங்கி, புளூடூத்தாக மாற்றி, காதில் இருக்கும் ஹெட்போனுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. மாட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகாது. ஆனாலும் வாங்கியவர்களில் பலர் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, டிவியில் எந்த ஓட்டையிலிருந்து சத்தத்தை எடுப்பது என்பது. இன்னொன்று, வாய் அசைந்து முடிந்த பிறகு பேச்சு காதில் விழுவது. இந்த இரண்டையும் கடைக்குப் போவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள முடியும். அதனால் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் டிவியின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

சத்தம் எங்கிருந்து வெளியே வருகிறது?

டிவியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, டார்ச் அடித்துப் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் பாருங்கள். நிறைய துளைகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை உள்ளே வாங்குவதற்கானவை. நமக்கு வேண்டியது வெளியே கொடுக்கும் துளை. பெயருக்குப் பக்கத்தில் 'இன்' என்று எழுதியிருந்தால் அது நமக்கு உதவாது, 'அவுட்' என்று இருக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை நிறத் துளைகளைப் பார்த்ததும் "இதோ ஆடியோ" என்று மாட்டிவிடுவது சகஜம். பழைய டிவிகளில் அந்த நிறத் துளைகள் பெரும்பாலும் டிவிடி பிளேயரிலிருந்து சத்தத்தை உள்ளே வாங்குவதற்காக வைத்தவை. அதில் டிரான்ஸ்மிட்டரை மாட்டினால் எல்லா விளக்கும் ஒழுங்காக எரியும், ஹெட்போனும் இணைந்துவிடும், ஆனால் ஒரு சொட்டுச் சத்தம் வராது.

வெளியே கொடுக்கும் துளைகள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது ஹெட்போன் படம் போட்ட 3.5 மில்லிமீட்டர் துளை, செல்போனில் முன்பு இருந்த அதே அளவு. இரண்டாவது 'ஆடியோ அவுட்' என்று எழுதிய சிவப்பு, வெள்ளைத் துளைகள். மூன்றாவது ஆப்டிகல். கிட்டத்தட்டச் சதுரமாக, சின்ன மூடி போட்டது போல இருக்கும். டிவி ஓடும்போது அதற்குள் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் அங்கே சத்தம் ஒளியாக வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

3.5 மில்லிமீட்டர் துளையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மெல்லிய டிவிகள் வந்த காலத்தில், இடத்தை மிச்சம் பிடிக்க மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றையும் ஒரே சின்னத் துளையில் அடைத்து 'ஏவி இன்' என்று பெயர் போட்டார்கள். பார்வைக்கு அது ஹெட்போன் துளை போலவே இருக்கும், ஆனால் உள்ளே வாங்குவது. சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. வீட்டில் கிடக்கும் பழைய ஒயர் ஹெட்போன் ஒன்றை அதில் செருகி, காதில் வைக்காமல் முதலில் கையில் பிடித்துக் கேளுங்கள். சத்தம் வந்தால் அதுதான் சரியான துளை. டிரான்ஸ்மிட்டர் வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

டிவியில் யுஎஸ்பி துளை இருக்கிறதே, அதிலேயே செருகிவிடலாமே என்று தோன்றும். கம்ப்யூட்டருக்கு விற்கும் நகக்கண் அளவு புளூடூத் டாங்கிளை வாங்கி டிவி யுஎஸ்பியில் செருகிவிட்டு, வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த டாங்கிள் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளை நம்பி இயங்குவது. பழைய டிவியில் அந்த மென்பொருள் கிடையாது. பழைய டிவியின் யுஎஸ்பி நமக்குக் கரண்ட் மட்டும்தான் கொடுக்கும், சத்தம் கொடுக்காது. ஆகவே வாங்கும் கருவியில் சத்தத்துக்கு ஒரு ஒயர், கரண்டுக்கு ஒரு ஒயர் (அல்லது உள்ளேயே பேட்டரி) என்று இரண்டு ஏற்பாடு இருக்க வேண்டும். யுஎஸ்பி முனை மட்டுமே இருக்கும் பொருளை எடுக்காதீர்கள்.

சரி, டிவியில் வெளியே கொடுக்கும் துளை எதுவுமே இல்லை என்றால்? குழாய் வைத்த கனத்த டிவிகளில் சிலவற்றுக்கு இந்த நிலைமைதான். அப்போது டிவியை விட்டுவிட்டு செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். அதன் பின்னால் சிவப்பு, வெள்ளை நிற அவுட் துளைகள் பெரும்பாலும் இருக்கும். அவை டிவிக்குப் போகும் ஒயரால் நிரம்பியிருந்தால், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ இணைப்பான் ஒரு ஜோடி வாங்கி, ஒரு கிளையை டிவிக்கும் இன்னொன்றை டிரான்ஸ்மிட்டருக்கும் கொடுக்கலாம். இதில் செட்டாப் பாக்ஸில் ஓடுவது மட்டும்தான் ஹெட்போனில் கேட்கும். டிவியில் தனியாகச் செருகிய பென்டிரைவ் சத்தம் அதில் வராது.

ஸ்பீக்கரும் ஒலிக்க வேண்டுமா?

எந்தத் துளை என்பதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வீட்டில் யார், எப்படிப் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். இரவில் மற்றவர்கள் தூங்கும்போது ஒருவர் மட்டும் பார்ப்பதற்கு என்றால் ஹெட்போன் துளையே போதும். அதில் எதையாவது செருகியதுமே பெரும்பாலான டிவிகள் தம் ஸ்பீக்கரைத் தாமாகவே அடைத்துவிடும். ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் ஹெட்போனிலும் கூடும். எளிமையான ஏற்பாடு.

ஆனால் காது மந்தமான ஒருவர் ஹெட்போனில் கேட்க, மற்றவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்றால் இதே குணம் தொல்லையாகிவிடும். சில டிவிகளின் மெனுவில் ஹெட்போன் செருகினாலும் ஸ்பீக்கரை ஓடவிடும் வசதி உண்டு. இல்லாத டிவியில் ஆப்டிகல் அல்லது ஆடியோ அவுட் துளைக்குப் போக வேண்டும். இவை இரண்டும் பொதுவாக ஸ்பீக்கரை அடைக்காது. ஆப்டிகலில் இன்னொரு நல்லதும் இருக்கிறது: அநேக டிவிகளில் அதன் வழியாக வரும் சத்தத்தின் அளவு மாறாமல் ஒரே மாதிரி இருக்கும். ரிமோட்டில் கூட்டுவதும் குறைப்பதும் ஸ்பீக்கரை மட்டுமே பாதிக்கும், ஹெட்போனில் இருப்பவர் தன் காதிலுள்ள பொத்தானில் தனக்கு வேண்டியதை வைத்துக்கொள்வார். ரிமோட்டுக்கான சண்டை பாதி குறையும்.

என் பரிந்துரை இதுதான்: டிவியில் ஆப்டிகல் துளை இருந்தால், ஆப்டிகலும் 3.5 மில்லிமீட்டரும் சேர்ந்தே உள்ள டிரான்ஸ்மிட்டரை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும். ஆனால் ஒரு வழி ஒத்துவராவிட்டால் இன்னொரு வழி கையில் இருக்கும்.

வாயசைவும் பேச்சும் ஒத்துப்போக

சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, வாங்கி, விரித்து, காதில் ஒலிக்கவிட புளூடூத்துக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பாட்டு மட்டும் கேட்டால் யாருக்கும் தெரியாது. படத்தோடு சேரும்போதுதான் தெரியும். எல்லாப் புளூடூத் ஹெட்போனிலும் இருக்கும் அடிப்படை முறைக்கு எஸ்பிசி என்று பெயர். அதில் தாமதம் ஏறத்தாழ 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை போகும். 200 மில்லிசெகண்டில் ஒலி காற்றில் கிட்டத்தட்ட 68 மீட்டர் பயணிக்கும். அதாவது மைதானத்தின் மறுகோடியில் நிற்பவர் பேசுவதைப் பார்ப்பது போல இருக்கும், முகம் மட்டும் நம் எதிரே பெரிதாகத் தெரியும். ஒளிபரப்புத் துறைக்கான சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று, சத்தம் படத்துக்குப் பின்னால் சுமார் 125 மில்லிசெகண்ட் தங்கினால் பார்ப்பவர் கவனிக்கத் தொடங்குவார் என்றும், சுமார் 185-ஐத் தாண்டினால் ஏற்கமாட்டார் என்றும் சொல்கிறது. எஸ்பிசி இந்த எல்லையில்தான் தடுமாறுகிறது. சிலருக்கு அது உறுத்தாது, சிலருக்கு ஐந்து நிமிடத்தில் தலை வலிக்கும்.

இதற்கென்றே ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்று ஒரு முறை இருக்கிறது. தாமதம் சுமார் 40 மில்லிசெகண்ட்தான், கண்ணுக்குத் தெரியாது. டிவிக்கான டிரான்ஸ்மிட்டர் அட்டைகளில் இந்தப் பெயர் பெரிதாக அச்சிட்டிருக்கும். அங்கே பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: டிரான்ஸ்மிட்டர், ஹெட்போன் இரண்டுமே அந்த முறையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்றுக்குத் தெரியாவிட்டால் இரண்டும் பேசாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, சத்தமும் வரும், தாமதத்தோடு வரும். ஆப்ட்எக்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அது லோ லேட்டன்சி ஆகிவிடாது, அந்த இரண்டு வார்த்தைகளும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆப்பிளின் ஏர்பாட்ஸில் ஆப்ட்எக்ஸ் எந்த வகையிலும் கிடையாது. காதில் தனித்தனியாகச் செருகும் சின்ன இயர்பட்களில் லோ லேட்டன்சி இருப்பது அரிது. தலையில் மாட்டும் வகையிலும், டிவிக்கென்றே விற்கும் ஹெட்போன்களிலும்தான் தேட வேண்டும்.

இந்த முறைக்குப் பிறகு வந்தது ஆப்ட்எக்ஸ் அடாப்டிவ். அதற்கும் பிறகு எல்இ ஆடியோ என்ற புதிய ஏற்பாடு வந்திருக்கிறது. இவையும் தாமதத்தைக் குறைப்பவைதான். விதி மட்டும் மாறவில்லை, இரண்டு முனையிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு டிரான்ஸ்மிட்டரும் ஹெட்போனும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்பதை வாங்குவது நல்ல யோசனை, இரண்டும் ஒத்துப்போகும்படி தயாரித்தவரே பார்த்திருப்பார்.

ஏற்கெனவே ஹெட்போன் வைத்திருப்பவர் அதன் மாடல் எண்ணைத் தேடி, தயாரிப்பாளர் தரும் விவரப் பட்டியலில் 'கோடெக்' என்ற வரியைப் படியுங்கள், சத்தத்தைச் சுருக்கி விரிக்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். எஸ்பிசி, ஏஏசி என்று இரண்டு மட்டும் இருந்தால், எவ்வளவு விலையுள்ள டிரான்ஸ்மிட்டர் வாங்கினாலும் தாமதம் போகாது. அந்தப் பணத்தை ஹெட்போனில் போடுவதே சரி.

டிவி மெனுவில் Audio Delay என்று ஒன்று இருக்கும். அதைக் கண்டதும் தீர்வு கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது சத்தத்தை இன்னும் பின்னால் தள்ள மட்டுமே உதவும். நமக்குப் படத்தைப் பின்னால் தள்ள வேண்டும், அந்த வசதி பழைய டிவிகளில் அநேகமாக இருக்காது. Audio Delay-ஐப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள்.

மாட்டுவதும் இணைப்பதும்

டிவியையும் டிரான்ஸ்மிட்டரையும் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். 3.5 மில்லிமீட்டர் என்றால் பின்னை முழுவதும் 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். பாதியில் நின்றால் ஒரு காதில் மட்டும் கேட்கும். ஆப்டிகல் என்றால் ஒயரின் இரு முனையிலும் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்ற மறக்காதீர்கள். அந்த முனைக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருக்கும், அது பொருந்தும் திசையில்தான் நுழையும், முரட்டுத்தனமாகத் தள்ளினால் துளையின் கதவு உடையும். அந்த ஒயரைச் சுவரில் கூர்மையாக மடிக்கவும் கூடாது, ஒளி போகும் இழை உள்ளே முறிந்துவிடும்.

சில டிரான்ஸ்மிட்டர்களில் அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே கருவிதான். பக்கத்தில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும், டிஎக்ஸ் என்பது அனுப்புவது, ஆர்எக்ஸ் என்பது வாங்குவது. டிஎக்ஸ் பக்கம் வையுங்கள். ஆப்டிகலுக்கும் 3.5-க்கும் தனிச் சுவிட்ச் இருந்தால் நீங்கள் மாட்டிய பக்கம் வையுங்கள்.

இனி இணைப்பது. டிரான்ஸ்மிட்டருக்குத் திரை கிடையாது, அதனால் பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுக்க முடியாது. பக்கத்தில் இணைப்புக்குத் தயாராக எது நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு காரியங்களை முதலில் செய்துவிட வேண்டும். வீட்டில் உள்ள செல்போன்களின் புளூடூத்தை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஹெட்போனை ஆன் செய்ததுமே அது பழைய நட்பாக செல்போனிடம் ஓடிவிடும். இணைப்புக்குக் காத்திருக்கும் வேறு புளூடூத் ஸ்பீக்கர்கள் இருந்தால் அவற்றையும் அணையுங்கள்.

1. ஹெட்போனை இணைப்பு நிலைக்குக் கொண்டு வாருங்கள். பெரும்பாலானவற்றில் அணைந்த நிலையில் பவர் பொத்தானைச் சில வினாடிகள், விளக்கு இரண்டு நிறத்தில் மாறி மாறி மின்னும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வெறுமனே ஆன் ஆவதும் இணைப்பு நிலையும் வேறு வேறு.

2. டிரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் கொடுத்து (டிவி யுஎஸ்பியில் மாட்டியிருந்தால் டிவியை ஆன் செய்து), அதையும் இணைப்பு நிலைக்குக் கொண்டு வாருங்கள். வேகமாக மின்னும்.

3. இரண்டையும் ஒரு கை நீளத்துக்குள் வைத்துவிட்டு ஒரு நிமிடம் வரை பொறுங்கள். விளக்கு மின்னுவதை நிறுத்தி நிலையாக எரிந்தாலோ மெதுவாகிவிட்டாலோ இணைந்துவிட்டது. சில கருவிகளில் அந்த விளக்கின் நிறமே எந்தக் கோடெக்கில் இணைந்தது என்று சொல்லும், கையேட்டில் எந்த நிறம் எது என்று பார்த்து வையுங்கள்.

4. டிவி இன்னும் அணைந்திருந்தால் இப்போது ஆன் செய்து, செய்தி வாசிக்கும் சேனல் வையுங்கள். நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசும் முகம்தான் வாயசைவைச் சோதிக்கச் சரியானது. சினிமாவில் பலசமயம் டப்பிங் குரலே படத்தோடு ஒட்டாது, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அளவை அமைப்பதிலும் ஒரு முறை உண்டு. ஹெட்போன் துளை வழியாக எடுத்தால், டிவியின் சத்தத்தை முக்கால்வாசி அளவில் வைத்துவிட்டு ஹெட்போனிலேயே கூட்டிக் குறையுங்கள். டிவியில் மிகக் குறைவாக வைத்து ஹெட்போனில் முழுசாகக் கூட்டினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். டிவியில் முழுசாக வைத்தால் சத்தம் கரகரக்கும். கரகரப்பு தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கினால் அதுவே சரியான நிலை.

ஒரு வீட்டில் நடந்தது

நண்பர் ஒருவரின் பெற்றோர் வீட்டில் இதை அமைத்தபோது மேலே சொன்னவற்றில் பாதி வரிசையாக வந்தது. அப்பாவுக்குக் காது மந்தம், அம்மாவுக்குச் சத்தம் கூடினால் தாங்காது. டிவி பழைய எல்சிடி, ஹெட்போன் துளையும் ஆப்டிகலும் இருந்தன. ஹெட்போன் துளையில் செருகியதும் அப்பாவுக்குக் கேட்டது, ஆனால் ஸ்பீக்கர் அடைத்துக்கொண்டது. மெனுவில் அதை மாற்ற வழியில்லை. உடனே ஆப்டிகலுக்கு மாறினோம்.

மாறியதும் ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லை. ஒயரைக் கழற்றிப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் வருகிறது, ஆக டிவி அனுப்புகிறது. டிரான்ஸ்மிட்டர் விளக்கும் நிலையாக எரிகிறது, ஆக ஹெட்போனும் இணைந்திருக்கிறது. இரண்டும் சரியாக இருந்து சத்தம் மட்டும் இல்லையென்றால் டிவி டால்பி டிஜிட்டல் வடிவத்தில் அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஹோம் தியேட்டர்களுக்கான அந்த வடிவத்தை இத்தகைய சின்ன டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை புரிந்துகொள்ளாது. டிவியின் ஒலி அமைப்பில் Digital Audio Out என்ற இடத்தில் Auto என்று இருந்தது. அதை PCM என்று மாற்றியதும் சத்தம் வந்துவிட்டது. டிவிக்கு டிவி இந்த வரியின் பெயர் கொஞ்சம் மாறும், SPDIF என்றும் இருக்கலாம், ஆனால் தேட வேண்டிய சொல் PCM. சில சேனல்களில் கேட்டு, சில சேனல்களில் மட்டும் மௌனம் என்றாலும் இதே காரணம்தான்: டால்பியில் வரும் சேனல்கள்தான் அடங்கிப்போகின்றன. செட்டாப் பாக்ஸின் மெனுவிலும் இதே அமைப்பு இருக்கும், டிவியில் மாற்றியும் போகவில்லை என்றால் அங்கேயும் PCM ஆக்குங்கள்.

அதன் பிறகு அப்பா சொன்னது, "ரெண்டு தடவை பேசுற மாதிரி இருக்கு." ஸ்பீக்கர் சத்தம் அறையில் நேராக அவர் காதை எட்டுகிறது, அதையே ஹெட்போன் தாமதமாகத் திரும்பச் சொல்கிறது, அதனால் எதிரொலி. ஸ்பீக்கரும் ஹெட்போனும் ஒரே அறையில் சேர்ந்து ஓடும் வீடுகளில் தாமதம் இரட்டிப்பாக உறுத்துவது இதனால்தான். வாயசைவை அவர் கவனிக்கவே இல்லை, எதிரொலிதான் அவரைத் தொந்தரவு செய்தது. அவர் கையில் இருந்த ஹெட்போனின் விவரப் பட்டியலில் எஸ்பிசி, ஏஏசி மட்டுமே இருந்தன. டிரான்ஸ்மிட்டரில் லோ லேட்டன்சி இருந்தும் பயனில்லை. லோ லேட்டன்சி உள்ள, காதை முழுதும் மூடும் ஹெட்போனாக மாற்றியபோது எதிரொலித் தொல்லை போயிற்று: தாமதம் குறைந்தது, மெத்தை வெளிச்சத்தத்தையும் கொஞ்சம் தடுத்தது.

அம்மா ஸ்பீக்கர் சத்தத்தைத் தனக்கு வேண்டிய அளவு குறைத்தார். ஆப்டிகல் அளவு மாறாததால் அப்பாவுக்கு அது தெரியவே இல்லை.

இரைச்சல், விட்டு விட்டுக் கேட்பது

ஹெட்போன் துளை வழியாகச் சத்தமும், அதே டிவியின் யுஎஸ்பியிலிருந்து கரண்டும் எடுத்தால் சிலசமயம் பின்னணியில் 'ம்ம்ம்' என்றோ 'கிர்ர்' என்றோ ஓயாத ஒலி கேட்கும். சத்த ஒயரும் கரண்ட் ஒயரும் டிவிக்குள்ளேயே மறுபடி ஒன்று சேர்ந்து ஒரு வளையமாகிவிடுவது இதற்குக் காரணம். கண்டுபிடிக்கும் வழி எளிது: டிரான்ஸ்மிட்டரை யுஎஸ்பியிலிருந்து கழற்றி, செல்போன் சார்ஜரில் மாட்டுங்கள், அல்லது பேட்டரி உள்ளதென்றால் ஒயரில்லாமல் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். ஒலி மறைந்துவிட்டால் அதுதான் காரணம், அப்படியே சார்ஜரில் விட்டுவிடலாம். ஆப்டிகல் வழியில் இந்தப் பிரச்சினை வராது. அந்த ஒயரில் மின்சாரம் போவதில்லை, ஒளி மட்டுமே.

சத்தம் விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது, வைத்த இடம்தான் தவறாக இருக்கும். டிவியின் பின்பக்கத்தில் பெரிய உலோகத் தகடு இருக்கிறது, அதற்குப் பின்னால் டிரான்ஸ்மிட்டரை ஒளித்து வைத்தால் அலைகள் நம்மிடம் வரத் தடுமாறும். பக்கத்திலேயே வைஃபை ரூட்டர் இருந்தால் இன்னும் மோசம், புளூடூத்தும் பழைய வகை வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைப் பங்குபோடுகின்றன. ஒரு சின்ன நீட்டிப்பு ஒயர் போட்டு டிரான்ஸ்மிட்டரை டிவியின் விளிம்புக்கு வெளியே, நாம் உட்காரும் இடத்தைப் பார்த்தபடி கொண்டு வந்தாலே பலசமயம் சரியாகிவிடும். சுவரில் பொருத்திய டிவிக்கு அந்த ஒயர் எப்படியும் தேவைப்படும், ஏனென்றால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கருவிக்குச் சுவருக்கும் டிவிக்கும் நடுவே இடம் இருக்காது. ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் கொடுக்கும் என்றால் போன்களை அதற்கு மாற்றிவிடுங்கள்.

கரண்டை எங்கிருந்து கொடுப்பது

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் தினமும் பயன்படுத்துபவருக்கு இதுதான் பெரிய வித்தியாசம். டிவி யுஎஸ்பியில் மாட்டினால் டிவியோடு சேர்ந்தே ஆன் ஆகி, சேர்ந்தே அணையும். ஹெட்போனை ஆன் செய்தால் சில வினாடியில் தானாக இணைந்துவிடும், வயதானவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. சார்ஜரில் மாட்டினால் நாள் முழுக்க டிரான்ஸ்மிட்டர் விழித்தே இருக்கும். அதே ஹெட்போனில் செல்போன் பேச நினைத்தால் அது டிவியோடு ஒட்டிக்கொண்டு வராது. அதனால் இரைச்சல் இல்லாதவரை யுஎஸ்பியையே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் வகை பயணத்துக்கு நல்லது, டிவிக்கு அவ்வளவாகச் சரிவராது. படம் பாதியில் சார்ஜ் தீரும். சிலவகை, சார்ஜ் ஏறும்போது வேலையே செய்யாது, அதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டு பேர் இரண்டு ஹெட்போனில் கேட்க வேண்டும் என்றால் 'இரண்டு இணைப்பு' என்று எழுதிய டிரான்ஸ்மிட்டர் வேண்டும். முதல் ஹெட்போனை இணைத்து அணைத்துவிட்டு, இரண்டாவதை இணைத்து, பிறகு முதலாவதை ஆன் செய்வது வழக்கமான முறை. இரண்டும் சேர்ந்து ஓடும்போது சில கருவிகள் லோ லேட்டன்சியை விட்டு எஸ்பிசிக்கு இறங்கிவிடுகின்றன. தனியாகக் கேட்டபோது ஒத்துப்போன வாயசைவு இருவராகும்போது தவறினால் காரணம் அதுதான்.

கடைசியாக, காதுக்கருவி அணிபவர்கள் கவனிக்க வேண்டியது. அவர்களுடைய காதுக்கருவி செல்போனோடு இணைகிறது என்பதால் இந்த டிரான்ஸ்மிட்டரோடும் இணையும் என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம். பல காதுக்கருவிகள் போனோடு பேச வேறு முறையைப் பயன்படுத்துகின்றன, சாதாரண டிரான்ஸ்மிட்டரால் அவற்றைக் கண்டுபிடிக்கவே முடியாது. டிவிக்காகவே அந்தந்த நிறுவனங்கள் தனிக் கருவி தருகின்றன, அதுவும் இதே ஆப்டிகல் அல்லது ஆடியோ அவுட் துளையில்தான் மாட்டப்படும். காதுக்கருவியின் மாடலைச் சொல்லி, அதைப் பொருத்திக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். டிவியின் பின்பக்கத்தில் எந்த அவுட் துளை இருக்கிறது என்பதை ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.